“ஆள் எப்படி?”

உறவினரல்லாத இருவரின் பெயர், முகவரி தருக என்று ஒரு வரி நம் நாட்டுத் தொழில் விண்ணப்பப் படிவங்களில் இருக்கும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் இளைஞர்கள் திணறும் இடம் அதுதான். ஊரில் பாதிப்பேர் உறவினர். மீதிப்பேர் உறவினரின் சம்பந்தி. கடைசியில் ஓய்வுபெற்ற அதிபரையோ, சமாதான நீதவான் ஒருவரையோ, முன்பு வேலை செய்த இடத்தின் பொறுப்பாளரையோ எழுதிவிடுவார்கள். அந்தப் பொறுப்பாளர்களில் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், என்னுடைய ஒரு தவறிலிருந்தே இதைத் தொடங்குகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருக்கும். என்னிடம் இரண்டு வருடம் கணினித் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்த ஓர் இளைஞன், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்திற்கு விண்ணப்பித்திருந்தான். அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முதற் கேள்வியே “சேர், ஆள் எப்படி?” என்பதுதான். பிறகு எந்தக் கட்சி, தகப்பன் என்ன செய்கிறார், கலியாணம் முடித்துவிட்டாரா, வருத்தம் ஏதும் உண்டா என்று போனது. எனக்கோ பக்கம் அனுப்பும் அவசரம். “நல்ல பிள்ளை, ஆனால் லீவு கொஞ்சம் கூட” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த லீவுகள் தாயாரை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல எடுத்தவை. ஒவ்வொன்றிலும் என் கையொப்பம் இருந்தது. அவன் செய்த பக்கங்கள் ஒருநாளும் தாமதித்ததில்லை. கேட்டவருக்கு “லீவு” மட்டுமே போய்ச் சேர்ந்தது. வேலை கிடைக்கவில்லை. அதோடு முடியவில்லை. அதே நபர், அவன் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த கடைக்கும் அழைத்து விசாரித்திருக்கிறார். அவன் வேறு வேலை தேடுகிறான் என்பது முதலாளிக்கு அந்த அழைப்பில்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அந்த வேலையும் இல்லை.

இவ்விடத்தில் இரு பிழைகள் நடந்தன. ஒன்று, வேலையோடு தொடர்பற்றவற்றைக் கேட்டதும், நான் அரைகுறையாகப் பதிலளித்ததும். மற்றது, உரியவனின் சம்மதமின்றி, அவன் குறிப்பிடாத இடத்தில் விசாரித்தது. இரண்டாவதே கொடியது என்பேன். முதலாவதால் வரவிருந்த வேலை போனது. இரண்டாவதால் இருந்த வேலையும் போனது.

அண்மையில் வேறொருவரைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்தது. இதே வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்யலாம் என்பதை அதில் கண்டேன். விண்ணப்பதாரி ஒரு பெண். செய்தி செம்மையாக்கத்தில் என்னிடம் பணியாற்றியவர். கடிதத்தின் சாரம் இதுதான்:

“இவர் எமது நிறுவனத்தில் உதவி ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்துள்ளார். உங்களிடம் விசாரிக்க எழுத்தில் சம்மதித்துள்ளார், பிரதி இணைக்கப்பட்டுள்ளது. அவர் தந்த சேவைக்காலமும் பதவியும் கீழே உள்ளன, அவை சரியானவையா? செய்திகளைத் தனியாகச் செம்மைப்படுத்தினாரா, மேற்பார்வையின் கீழா? இரவுப் பதிப்பின் நேரக்கட்டுப்பாட்டை எவ்வாறு கையாண்டார் என்பதற்கு ஓர் உதாரணம் தர முடியுமா? விசாரணை நடந்து எழுத்தில் முடிவான ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா? இவை தவிர்ந்த தனிப்பட்ட விபரங்கள் எமக்குத் தேவையில்லை. பதிலளிக்க விரும்பாத வினாக்களை விட்டுவிடலாம். உங்கள் பதிலை அவர் கேட்டால் காட்டுவோம்.”

இணைக்கப்பட்ட சம்மதப் பத்திரம் அரைப்பக்கம்தான். யாரிடம் விசாரிக்கலாம், எவை பற்றி, எந்தத் திகதி வரை என்று அதில் இருந்தது. இப்போதைய தொழில்தருநரிடம் நியமனம் உறுதியாகும் வரை விசாரிக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. அந்த இளைஞனின் விடயத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

வினாக்களின் அமைப்பையும் கவனியுங்கள். “ஆள் எப்படி?” என்று கேட்டால் பதில் சொல்பவரின் அன்றைய மனநிலைதான் வரும். “தனியாகச் செய்தாரா, மேற்பார்வையின் கீழா?” என்று கேட்டால் நினைவைத் தோண்டி ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். ஒழுக்காற்று வினாவும் அப்படித்தான். “பிரச்சினை ஏதும்?” என்றால் ஊர்க்கதை வரும். “எழுத்தில் முடிவானது உண்டா?” என்றால் கோப்பைப் பார்க்க வேண்டும். பணம் கையாடிய ஒருவரை மறைக்க இது இடம் தரவில்லை. நிரூபிக்கப்படாத சந்தேகத்தைக் கடத்தத்தான் இடம் தரவில்லை. லீவைப் பற்றிக் கேட்காததும் சரியே. பெண்ணாயின் அந்த எண்ணிக்கைக்குள் 84 நாள் மகப்பேற்று விடுமுறையும் அடங்கியிருக்கக்கூடும்.

“மீண்டும் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?” என்ற வினா பல படிவங்களில் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. “இல்லை” என்ற ஒரு சொல்லுக்குள் பழைய மனக்கசப்பு சுகமாக ஒளிந்துகொள்ளும். கேட்டே ஆக வேண்டுமென்றால், வேலை சார்ந்த காரணத்தையும் எழுதச் சொல்ல வேண்டும்.

பதில் சொல்பவருக்கும் பொறுப்புண்டு. 1994இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, ஸ்பிரிங் எதிர் கார்டியன் அஷுரன்ஸ் வழக்கில் இதைத் தீர்த்தது. காப்புறுதி முகவரான ஸ்பிரிங்கை நேர்மையற்றவர் எனக் காட்டும் குறிப்பொன்றை முன்னைய நிறுவனம் அனுப்பியது. அதில் வன்மம் இல்லை. சரிபார்க்காத கவனக்குறைவே இருந்தது. அத்தகைய குறிப்பை எழுதுபவர், முன்னாள் ஊழியர்பால் கவனத்துடன் நடக்கக் கடமைப்பட்டவர் என்பதே முடிவு. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதல்ல. ஆயினும், “நான் மனதறிந்து பொய் சொல்லவில்லையே” என்ற என் சமாதானம் போதாது என்பதை அது எனக்குச் சொல்லிவிட்டது.

நம் நாட்டிலும் 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அது ஒரே நாளில் முழுமையாக நடைமுறைக்கு வந்த சட்டமல்ல. ஆனால் அதன் திசை தெளிவு. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நிலை ஆகியவற்றை விசேட பாதுகாப்புக்குரிய தரவுகளாக அது வகுக்கிறது. சம்மதம் என்பது சுயவிருப்பில், குறித்த நோக்கத்திற்காக, விபரமறிந்து தரப்படுவது என்கிறது. அன்று தொலைபேசியில் என்னிடம் கேட்கப்பட்ட கட்சியும் வருத்தமும் அந்த விசேட பட்டியலுக்குள் வருபவை.

இதற்கு எல்லையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் நம் கரையோரத்தில் எத்தனையோ தொண்டு நிறுவனங்கள் அலுவலகம் திறந்தன. திட்டம் முடிந்ததும் மூடிக்கொண்டு போயின. அங்கு பணியாற்றியவர்களுக்கு விசாரிக்க முகவரியே இல்லை. அதைக் குறையாகக் கொள்ளாமல், சேவைக் கடிதத்தையும் செய்த வேலையின் மாதிரியையும் ஏற்கலாம். அல்லது அன்றைய மேற்பார்வையாளரின் பெயரை அவரிடமே கேட்டுப் பெறலாம்.

சிறிய ஊரில் இவ்வளவு சம்பிரதாயம் எதற்கு, ஒரு கோல் எடுத்தால் போதாதா என்பார்கள். சிறிய ஊர் என்பதால்தான் வேண்டும் என்பேன். பஸாரில் தேநீர் ஆறுமுன் செய்தி சம்மாந்துறைக்குப் போய்விடும் ஊர் இது.

அந்தக் கடிதத்திற்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அனுப்புமுன் பிரதியொன்றை அந்தப் பெண்ணுக்கும் கொடுத்தேன். இப்போது தொலைபேசியில் யாராவது “ஆள் எப்படி?” என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: “கேள்விகளை எழுதி அனுப்புங்கள், அவருடைய கையொப்பத்தோடு.” பாதிப்பேர் அனுப்புவதில்லை. அந்த இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டபோது, “பரவாயில்லை சேர்” என்றான். பரவாயில்லை என்று நான் இன்னும் நினைக்கவில்லை.