இரண்டாயிரம் பேர் எங்கே உட்காருவார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் டெக்சாஸிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் 14 பக்கக் கோப்பு ஒன்றை அனுப்பினான். அவர்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு ஸ்பான்சர் கேட்டு, கடைக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் வீடு விற்றுக் கொடுப்பவர்களுக்கும் அனுப்புகிற கோப்பு. 'டெக்' என்று சொல்கிறார்கள். "டீச்சர், தமிழ்ல பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றான். ஒற்றுப்பிழை ஏழெட்டு இருந்தது, திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். மூன்றாம் பக்கத்தில் கண் நின்றுவிட்டது. "பார்வையாளர்கள்: 2000+".

மண்டபம் எது என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூட அரங்கம். எத்தனை இருக்கை? 700. போன வருடம் எத்தனை இலை விழுந்தது? உணவுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணிடம் கேட்டுச் சொன்னான், 583 சாப்பாடு. அப்படியானால் 2000 எங்கிருந்து வந்தது? "முகநூல் குழுவுல கிட்டத்தட்ட அவ்ளோ பேர் இருக்காங்க டீச்சர்."

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் வருகைப் பதிவேட்டில் எவ்வளவு கறாராக இருப்பேன் என்று. பெயர்ப் பட்டியலில் 48 பேர் இருப்பது வேறு, வகுப்பில் 31 பேர் உட்கார்ந்திருப்பது வேறு. சத்துணவுக்கு அரிசி அளக்கும்போது அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்பான்சருக்கும் அப்படித்தான். அவர் விழாவுக்கு வருகிறார், மேசை போட்டு உட்காருகிறார், அரங்கத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான், அடுத்த வருடம் போனை எடுக்க மாட்டார்.

இத்தனைக்கும் 583 என்பது குறைந்த எண் இல்லை. அதை விவரமாகச் சொல்லத்தான் இவர்களுக்குத் தெரியவில்லை. 360 பெரியவர்கள், 223 பிள்ளைகள் என்று டிக்கெட் கணக்கு அவனிடமே இருக்கிறது. கணிதப் பயிற்சி நிலையம் நடத்துபவருக்கு அந்த 223 தான் வேண்டும். பல் மருத்துவருக்கும் அதுதான். அரங்கத்துக்கு எந்தெந்தப் பகுதியிலிருந்து குடும்பங்கள் வந்தன என்பதுதான் மளிகைக் கடைக்காரருக்குத் தேவை. இந்த மூன்று வரி எழுதினால் 2000 என்ற பொய் எதற்கு?

பணத் தேவையும் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை, ஒலி ஒளி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,500 டாலர் ஆகிறதாம். டிக்கெட் பெரியவருக்கு 15, பிள்ளைக்கு 5. வரவு 6,515. கிட்டத்தட்ட 8,000 டாலர் பள்ளம். டிக்கெட் விலையை ஏற்றினால் புதிதாக வந்த குடும்பங்கள் வராது. ஆக ஸ்பான்சர் வேண்டும்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

எதை விற்பது என்பதில்தான் எனக்குச் சண்டை. வைரம் 5000, பொன் 2500, வெள்ளி 1000, வெண்கலம் 500 என்று நான்கு படி. வைரத்துக்கு மேடையில் 10 நிமிடப் பேச்சு, பொன்னுக்கு 5 நிமிடம். ஒரு வைரமும் மூன்று பொன்னும் கிடைத்தால் 25 நிமிடம். பொன்னாடை, போட்டோ சேர்த்தால் 40. விழாவே 4 மணி நேரம்தான்.

மகள் வீட்டுக்கு (அது வேறு ஊர்) போயிருந்தபோது இப்படி ஒரு விழாவில் இருந்தேன். வீட்டுக்கடன் வாங்கித் தருகிற ஒருவர் 5 நிமிடம் என்று மைக்கை வாங்கி, வட்டி விகிதத்தை விளக்கி 20 நிமிடம் பேசினார். பணம் கொடுத்தவரை யார் நிறுத்துவது? மேடைக்குப் பின்னால் பட்டுப்பாவாடை கட்டிய குட்டிகள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டன. என் பேத்தியின் கும்மி கடைசியில் ஒரு சுற்றோடு முடிந்தது. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த கும்மி. அவரிடம் அன்று கடன் கேட்டு யாரும் போனதாகவும் தெரியவில்லை, அரங்கமே எரிச்சலில் இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொருவரும் 15, 20 நிமிடம் சும்மா நிற்கிறார்கள். அந்த வரிசை ஓரத்தில் போடுகிற மேசைதான் விழாவிலேயே விலை அதிகமான இடம். இவன் கோப்பில் அது வெள்ளிக்காரருக்குப் போகிறது. அதை வைரத்துக்குக் கொடு, மேடையை எவருக்கும் கொடுக்காதே, தொகுப்பாளர் பெயர் சொல்லி ஒரு வரி நன்றி சொல்லட்டும், இடைவேளையில் திரையில் படம் ஓடட்டும் என்றேன்.

பதினோராம் பக்கத்தில் இன்னொன்று. பொன் முதல் மேலே உள்ளவர்களுக்கு "உறுப்பினர் மின்னஞ்சல் பட்டியல்" தருவார்களாம். டிக்கெட் வாங்கக் கொடுத்த முகவரியைக் கடைக்காரருக்குக் கொடுக்க இவர்கள் யார்? வேண்டுமானால் ஸ்பான்சர் செய்தியைச் சங்கமே ஒரு தடவை அனுப்பட்டும். இதற்கு அவன் மறு பேச்சே பேசவில்லை.

வரி விஷயம் எனக்குப் புதிது, அவர்கள் பொருளாளர் விளக்கினார். அங்கே வரிவிலக்குப் பெற்ற சங்கம் ஸ்பான்சரின் பெயரையும் சின்னத்தையும் போட்டு நன்றி சொல்லலாம். "இவர்தான் சிறந்தவர், இவரிடம் வாங்குங்கள்" என்றோ விலை சொல்லியோ போட்டால் அது விளம்பரம், கணக்கு வேறு வழியில் போகும். இத்தனை பேர் வந்தால் இவ்வளவு பணம் என்று ஒப்பந்தம் போட்டாலும் அது ஸ்பான்சர் தொகையாக நிற்காது. கோப்பிலோ "எங்கள் மேடையில் உங்கள் சேவையைப் பரிந்துரைப்போம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது! இலவச டிக்கெட், சாப்பாடு என்று கொடுத்தால் அதன் மதிப்பை ரசீதில் காட்ட வேண்டும், 75 டாலருக்கு மேல் கொடுப்பவருக்கு அது கட்டாயம். முழுத் தொகையும் நன்கொடை ஆகாது. இதைக் கோப்பிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

(எல்லாரையும் 'புரவலர்' என்று எழுதியிருந்தான். புரவலர் மேசை கேட்க மாட்டாரப்பா என்றேன். இலங்கைத் தமிழர் சொல்கிற 'அனுசரணையாளர்' நன்றாக இருக்கிறது, அதைப் போடச் சொன்னேன்.)

"உண்மையைச் சொன்னா 5000 யாரும் தர மாட்டாங்க டீச்சர்" என்றான். போன வருடம் யார் தந்தார் என்று கேட்டேன். யாரும் தரவில்லையாம். அப்புறம் எதற்கு அந்தப் படி? எடுத்துவிட்டான். 2500, 1000, 500 மூன்றுதான். இரண்டு பொன், இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம் கிடைத்தாலே 8,000 வந்துவிடுகிறது.

இப்போது கோப்பு 5 பக்கம். முதல் பக்கத்திலேயே 583. அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பல் மருத்துவர் சரி என்றுவிட்டார். மளிகைக் கடைக்காரர் மேசை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். போன வருடம் பேசிய ஒருவர் மட்டும், மேடையில் நேரம் இல்லையென்றால் யோசிக்க வேண்டும் என்கிறார். யோசிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டில் சங்கப் பொறுப்பில் இருக்கிற பிள்ளைகள் நீங்கள் இதில் எங்கே மாறுபடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், கணக்கோடு எழுதுங்கள்.