இலைப் படம் மட்டும் போதாது: வாழைத் தண்டையும் வெட்டிப் பார்க்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழக ஊழியர்களின் கைத்தொலைபேசிகளில் குடும்பப் படங்களோடு வயல் படங்களும் இருக்கும். மஞ்சளாகிப்போன ஓர் இலை, அதற்குக் கீழே ஊரிலிருக்கும் அண்ணனின் குரல் பதிவு: “இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்னு கேட்டுச் சொல்லு தம்பி.” தம்பி அந்தப் படத்தை ஏதாவது ஒரு செயலியில் போட்டுப் பார்ப்பார். சில விநாடிகளில் நோயின் பெயர் வந்துவிடும். அந்தப் பதிலை நம்பி ஊரில் பணம் செலவாகும்.

நோயைப் படத்தில் கண்டறியும் முயற்சி இன்று பரவலாகிவிட்டது. இந்திய அரசாங்கமே 2024 ஆகஸ்ட் 15ஆம் தேதி தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறையைத் தொடங்கியது. பயிரின் படத்தை விவசாயி அனுப்பினால் ஆலோசனை கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் எந்தக் கேள்விக்குப் படம் பதில் தரும், எதற்குத் தராது என்பது தெரியாமல் இவற்றைப் பயன்படுத்துவது ஆபத்து. அதற்கு வாழையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அண்ணன் அனுப்பியது ஜி9 வாழை என்று வைத்துக்கொள்வோம். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி வருகின்றன. ஒரே ஓர் இலையின் படம்தான் கையில் இருக்கிறது. இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் பற்றாக்குறை. இரண்டு, கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு. மூன்று, பனாமா வாடல் நோய். தொடக்க நிலையில் மூன்றுமே அடி இலையில் மஞ்சளாகத்தான் தெரியும். முதலாவதற்கு உரம் போட்டால் தோட்டம் தேறிவிடும். மூன்றாவதற்கு எந்த உரமும் மருந்தும் உதவாது. நோய் கண்ட மரத்தைக் காப்பாற்ற வழியில்லை.

பனாமா வாடல், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வருவது. வேர் வழியாக நுழைந்து, நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்களை அது அடைத்துவிடும். வேரில் தொடங்கிய நோய்க்கு இலை கடைசிச் சாட்சிதான். அதனால் படம் எடுக்கும்போது இலையோடு நிறுத்தாமல் மரத்தின் அடிக்கு இறங்க வேண்டும். வாடல் நோயில் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் மடிந்து, காய்ந்த இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நீளவாக்கில் வெடித்திருக்கும். பொட்டாஷ் குறைந்த மரத்திலோ இலை நுனியும் ஓரமும் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி உள்நோக்கிச் சுருளும். பெரும்பாலும் தோட்டத்தில் ஒரு பரப்பு முழுவதும் அப்படித் தெரியும். வாடல் நோய் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். நோய் கண்ட ஒரு மரத்தின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது. நல்ல தண்டு உள்ளே வெள்ளையாக இருக்கும். வாடல் நோய் இருந்தால் செம்பழுப்பு நிறத்தில் புள்ளிகளோ வளையமோ தெரியும்; நீளவாக்கில் பிளந்தால் அதே நிறத்தில் கோடுகள் ஓடும். கூன்வண்டாக இருந்தால் கிழங்கில் சுரங்கம் போல ஓட்டைகள் இருக்கும். ஓர் அரிவாள் வெட்டில் கிடைக்கும் இந்தத் தகவலை இலைப் படத்திலிருந்து எந்தக் கணினியாலும் எடுக்க முடியாது.

செயலிகளை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் உள்ள அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை மையத்தைச் சேர்ந்த மைக்கேல் கோமஸ் செல்வராஜ் தலைமையிலான குழு, 2019ல் ‘துமைனி’ என்ற வாழைச் செயலியை அறிமுகப்படுத்தியது. அதன் பங்காளிகளுள் தமிழகத்தின் இமயம் வேளாண்மை, தொழில்நுட்பக் கழகமும் ஒன்று. ஆப்பிரிக்காவிலும் தென்னிந்தியாவிலும் வயல்களிலேயே எடுத்த படங்களைக் கொண்டு அது பயிற்றுவிக்கப்பட்டது. இலை மட்டுமின்றி முழு மரம், தண்டு, குலை, வெட்டிய பழம், கிழங்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே படம் சேர்த்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியான விடை வந்தது அதனால்தான் சாத்தியமானது என்று கருத இடமுண்டு.

வயலுக்குப் போகாத படங்களால் என்ன நடக்கும் என்பதற்கு 2016ல் வெளிவந்த ஆய்வு ஒன்று பாடம். ஒரே மாதிரியான பின்னணியில் தனி இலையை வைத்து எடுத்த 54,306 படங்களைக் கொண்டு 14 பயிர்களின் 26 நோய்களைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தனர். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. வேறிடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது சுமார் 31 விழுக்காடாக இறங்கியது. விளம்பரத்தில் முதல் எண்தான் வரும்.

நோயே இலையில்தான் என்றால் படம் நன்றாகவே உதவும். சிகடோகா இலைப்புள்ளி, முடிக்கொத்து நோயில் நரம்பையொட்டி வரும் கரும்பச்சைப் புள்ளிக் கோடுகள் போன்றவற்றைத் தெளிவான படத்தில் அடையாளம் காணலாம்.

வாடல் நோய் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எந்த இனம்? ரஸ்தாளியை அழிக்கும் முதல் இனம் ஜி9ஐப் பொதுவாகத் தாக்காது. அதனால் ஜி9 வாடினால் டி.ஆர்.4 எனும் கொடிய இனமோ என்ற அச்சம் வரும். சிங்கப்பூருக்கு அருகில் மலேசியாவிலும் இந்தோனீசியாவிலும் 1990களிலேயே தோட்டங்களை அழித்த இனம் அது. இந்தியாவில் பீகாரின் கட்டிஹார் மாவட்டத்தில் அது உறுதிசெய்யப்பட்டது. ஆனால் முதல் இனத்திலேயே ஜி9 வகையைத் தாக்கும் வீரியமான ஒரு பிரிவு தமிழகத்தில் இருப்பதும் 2010ல் பதிவாகியுள்ளது. ஆக, மரத்தின் ரகத்தைப் பார்த்தும் இனத்தைச் சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்துதான் சொல்ல முடியும்.

அதற்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம், மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையம், திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ஆகியவற்றை நாடலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இந்தியாவிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்பதால் அதை அண்ணனே செய்ய வேண்டியிருக்கும். மாதிரியை எப்படி எடுப்பது, யார் வந்து எடுப்பார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. நிறம் மாறிய தண்டுத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகிவிடும். காகிதத்தில் சுற்ற வேண்டும். ரகம், நட்ட மாதம், கன்று வாங்கிய இடம், எத்தனை மரங்களில் தெரிகிறது என்ற விவரங்களும் கூடவே போக வேண்டும். கன்று எங்கிருந்து வந்தது என்பதே பல நேரங்களில் நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை.

முடிவு வரும்வரை அந்தத் தோட்டத்திலிருந்து யாருக்கும் கன்று கொடுக்கக் கூடாது. நோய் கண்ட பகுதியிலிருந்து பாசன நீர் அடுத்த வரப்புக்கு ஓடவிடக் கூடாது. வெட்டிய அரிவாள், மண்வெட்டி, செருப்பில் ஒட்டிய மண் எல்லாவற்றையும் அங்கேயே கழுவ வேண்டும். இந்தப் பூஞ்சையின் வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி உடனே அனுப்பக்கூடிய பதில் இவ்வளவுதான்: “பொட்டாஷ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மரத்தை வெட்டிப் பாருண்ணே. உள்ள என்ன நிறம்னு படம் அனுப்பு. அதுவரைக்கும் கன்னு யாருக்கும் கொடுக்காத.”