பணம் போனது, சரக்கு வரவில்லை: வங்கிக்கு எழுதும் கடிதம்

சரக்குக்குப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் தெரிந்த மண்டி, தெரிந்த தரகர் என்று கொடுக்கல் வாங்கல் இருந்தது. சரக்கு தாமதமானால் நேரில் போய்க் கேட்கலாம். இப்போது குளிர்பெட்டி, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் மெஷின் என்று பலவற்றையும் முகம் தெரியாத விற்பனையாளரிடம் கார்டில் பணம் கட்டி வரவழைக்கிறோம். பொருள் வராவிட்டால் யாரிடம் கேட்பது? நம்மில் பலர் நான்கு முறை போன் செய்துவிட்டு, "போன பணம் போனதுதான்" என்று பேரேட்டில் நட்டம் எழுதிவிடுகிறார்கள். இது தேவையற்ற நட்டம் என்பதே நம் கருத்து.

கார்டில் செலுத்திய பணத்திற்கு ஒரு தனி வழி உண்டு. கார்டு கொடுத்த வங்கிக்கு நாம் முறையீடு எழுதினால், அந்த வங்கி கார்டு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக விற்பனையாளரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். இதைச் 'சார்ஜ்பேக்' என்கிறார்கள். விற்பனையாளர் பொருளை ஒப்படைத்ததற்குச் சான்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் தொகை அவர் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு நமக்கு வரும். வங்கிக் கணக்கிலிருந்து நேராக விற்பனையாளர் கணக்குக்கு அனுப்பிய பணத்திற்கு இந்த வழி கிடையாது. ஆகவே முன்பின் தெரியாதவரிடம் முதல் கொள்முதல் செய்யும்போது, சிறு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நேரடியாகப் பணம் அனுப்பாமல் கார்டிலேயே கட்டுங்கள் என்பது நாம் சொல்லும் முதல் யோசனை.

இந்த வழியில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் கடிதத்தில்தான் இருக்கிறது. ஒரு மளிகைக் கடைக்காரர் 3.6.2025 அன்று 23,500 ரூபாய்க்கு ஒரு குளிர்பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதிக்குள் வரும் என்று ஆர்டர் உறுதிச் சீட்டில் இருந்தது. வரவில்லை. அவர் வங்கிக்கு எழுதவேண்டிய கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, 1234 என்று முடியும் எனது கடன் அட்டையில் 3.6.2025 அன்று ரூ. 23,500 செலுத்தி ஒரு குளிர்பெட்டி வாங்க ஆர்டர் கொடுத்தேன். 10.6.2025க்குள் என் கடை முகவரியில் ஒப்படைப்பதாக விற்பனையாளர் எழுத்தில் உறுதி அளித்தார். இன்றுவரை பொருள் வரவில்லை. 11ஆம் தேதி போன் செய்தேன். மறுநாள் அனுப்புவதாகச் சொன்னார். 13ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. 18ஆம் தேதி, ஏழு நாளில் பொருளையோ பணத்தையோ தரும்படி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் கேட்டேன், பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை. பொருள் ஒப்படைக்கப்படாத பரிவர்த்தனை என இதைப் பதிவு செய்து, முழுத் தொகையையும் திரும்பப் பெற்றுத் தரவேண்டுகிறேன். ஆர்டர் உறுதிச் சீட்டு, பில், கார்டு கணக்கு அறிக்கையின் நகல், மின்னஞ்சல் நகல்கள், தபால் ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். 27.6.2025."

இக்கடிதத்தில் கோபம் இல்லை, வசவு இல்லை. தேதியும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. வங்கியில் இதைப் படிப்பவர் தேடுவது மூன்றே விஷயங்கள்: என்ன தருவதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள், நாம் அவரைக் கேட்டோமா. மூன்றாவதைத்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். விற்பனையாளரிடம் முதலில் கேட்டுப் பார்த்திருக்கவேண்டும் என்பது கார்டு நிறுவனங்களின் விதி. போனில் பேசியதற்குச் சாட்சி ஏது? ஆகவே பேசிய அன்றே, "இன்று பேசியபடி நாளை அனுப்புவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். அவர் பதில் தராவிட்டாலும் நம் கையில் தேதியோடு ஒரு தாள் இருக்கும்.

பெரிய தவறு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். வங்கிக்குப் போன் செய்யும்போது பதற்றத்தில், "மோசடி, இந்தப் பணத்தை நான் செலுத்தவில்லை" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது வேறு வகை முறையீடு. ஓ.டி.பி. எண் கொடுத்துப் பணம் கட்டியது நாமே என்பது வங்கியின் பதிவில் இருக்கும். அந்த முறையீடு தள்ளுபடியாகும். நம் பேச்சில் உண்மையில்லை என்ற பெயரும் மிஞ்சும். "பணம் செலுத்தியது நான்தான், பொருள்தான் வரவில்லை" என்று தெளிவாகச் சொல்லவேண்டும். இரண்டு பொருளில் ஒன்று வந்திருந்தால், வராத பொருளின் விலையை மட்டும் கேட்கவேண்டும். முழு கார்டு எண்ணையோ, பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையோ எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது.

காலக்கெடுவும் உண்டு. பொருள் வரவேண்டிய தேதியிலிருந்து 120 நாள் என்பது பொதுவான கணக்கு. நம் குளிர்பெட்டிக்கு அது அக்டோபர் 8இல் முடிந்துவிடும். "அடுத்த வாரம் நிச்சயம்" என்று மாதக்கணக்கில் இழுக்கும் விற்பனையாளர் இந்தக் கெடு கடந்துபோவதற்காகவே இழுக்கலாம். ஏழு நாள் கெடு கொடுத்து, அது முடிந்ததும் எழுதிவிடுவதே முறை.

கடிதம் கொடுத்ததும் சில வங்கிகள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கும். அதைச் சொந்தப் பணமாக எண்ணிச் செலவழிக்க வேண்டாம். விற்பனையாளர் கூரியர் சீட்டைக் காட்டி மறுத்தால் அது திரும்பப் பிடிக்கப்படும். அப்படி நடந்தால் அந்தச் சீட்டின் நகலைக் கேளுங்கள். முகவரியும் பின்கோடும் நம்முடையதா, கையொப்பம் யாருடையது, எடை எவ்வளவு என்று பாருங்கள். அரைக் கிலோ பார்சலில் குளிர்பெட்டி வராது. அதைச் சுட்டிக்காட்டி உடனே மறுப்பு எழுதவேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

இதே கடிதம் நாளை நம் கடையின் மீதும் வரக்கூடும். கார்டில் பணம் வாங்கி வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் அன்பர்கள், பையன் கையில் ஒரு டெலிவரி சீட்டைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வரச் சொல்லவேண்டும். சரக்கு இல்லையென்று பணத்தைத் திருப்பினால் ரொக்கமாகத் தராமல் அதே கார்டுக்கே திருப்பவேண்டும். ரொக்கம் கொடுத்தது வங்கியின் பதிவில் வராது. முறையீடு வந்தால் இரண்டாம் முறையும் பணம் போகும். வங்கி விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவைப்பவர், கெடு தாண்டியதும் சரக்கு கொடுத்தது உண்மையானாலும் தோற்றுப்போவார்.

வாங்குகிறபோது நம்மைக் காப்பதும் விற்கிறபோது நம்மைக் காப்பதும் தேதி போட்ட தாள்தான். கொள்முதல் பில்லோடு ஆர்டர் சீட்டையும் கடிதப் போக்குவரத்தையும் சேர்த்துக் கோத்து வைக்கும் பழக்கம் ஒவ்வொரு கடையிலும் வரவேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.