கடைக் கணக்கு: பில்லில் ஒரு நம்பர், போனில் இன்னொரு நம்பர்

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. லண்டனில் என்ர கடைக்கு ஒரு அக்கா வந்தா. கையில் போன், பில் இரண்டும் இருந்தது. "தம்பி, சார்ஜ் ஏறுதில்லை. பொங்கலுக்கு முதல் கிழமை உங்களிட்டத்தான் வாங்கினது" என்றா.

வாங்கி ஐந்து மாதம். இங்கே 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். "கொம்பனியிட்டக் கேளுங்கோ" என்று கையை விரிக்க ஏலாது. ஆனால் அது நாங்கள் விற்ற அதே போன்தானா என்று பார்க்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

பில் நம்பரைப் போட்டுப் பார்த்தோம். ஜனவரி 9ஆம் திகதி விற்ற போனின் IMEI 4417 என்று முடிகிறது. அக்காவின் போனில் `*#06#` அடித்தால் வந்தது 9082 என்று முடிகிற நம்பர். கவுண்டரில் நின்ற பொடியன் என்ர காதுக்குள், "அண்ணை, வேற போனைக் கொண்டு வந்திட்டா போல" என்றான். அக்காவுக்கும் கேட்டிருக்கும். முகம் மாறிவிட்டது.

பழைய பழுதான போனைப் புதுப் பில்லோடு கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனாலும் முடிவெடுக்க முதல் 9082ஐ எங்கள் ஏட்டில் தேடினேன். விற்பனைப் பக்கத்தில் இல்லை. கொள்முதல் பக்கத்தில் இருந்தது: மொத்த வியாபாரியிடமிருந்து ஜனவரி 19ஆம் திகதி வந்த பெட்டிகளில் ஒன்று. கடைக்குள் வந்திருக்கிறது, விற்றதாகப் பதிவில்லை, தட்டிலும் இல்லை. அப்படியென்றால் பிழை அக்காவில் இல்லை, எங்களில்.

ரிட்டேர்ன் துண்டுகள் போடுகிற பிஸ்கட் ரின்னைக் கிளறினதில் விடை கிடைத்தது. ஜனவரி 21ஆம் திகதி, திரையில் கோடு விழுகிறதென்று 4417ஐ வாங்கிவிட்டு, மனைவி 9082ஐ மாற்றிக் கொடுத்திருக்கிறா. துண்டில் எழுதினதோடு சரி, ஏட்டில் ஏறவில்லை. அக்காவை நாற்பது நிமிடம் நிற்க வைத்துவிட்டோம். அவவுக்கும் அந்த மாற்றம் மறந்துபோயிருந்தது.

சீரியல் நம்பர் எழுதுகிற கடைகள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. விற்கும்போது எழுதுவார்கள், மாற்றிக் கொடுக்கும்போது விடுவார்கள். இல்லாவிட்டால் பழைய நம்பரை அழித்து அதன் மேலே புதியதை எழுதுவார்கள். அது இன்னும் மோசம். 4417 எந்த இன்வாய்ஸில் வந்தது, யாருக்குத் திருப்பி அனுப்பினோம் என்பதற்கான தடம் போய்விடும்.

இப்போது நாங்கள் அழிப்பதில்லை. அதே ஓடர் நம்பரின் கீழ் இன்னொரு வரி சேர்க்கிறோம். "4417 திரும்பியது, ஜனவரி 21" என்பது ஒரு வரி, "9082 பதிலாகக் கொடுத்தது" என்பது அடுத்த வரி. முதல் விற்பனைத் திகதியான ஜனவரி 9 அப்படியே நிற்கும். பதிலாகக் கொடுத்த பொருளுக்கு வாரண்டி பொதுவாகப் புதிதாகத் தொடங்காது, மிச்சக் காலம்தான் ஓடும். மொத்த வியாபாரியோ தன் இன்வாய்ஸ் திகதியைத்தான் பார்ப்பார். அதனால் ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் அது வந்த இன்வாய்ஸையும் எழுதுகிறோம்.

எந்த நம்பரை எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல். போன் பெட்டியில் மூன்று நாலு பார்கோட் இருக்கும். அவசரத்தில் ஸ்கேனர் 13 இலக்கப் பார்கோடைப் பிடித்துவிடும். அது அந்த மொடலின் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். பத்து விற்பனைக்கு ஒரே நம்பர் விழுந்திருந்தால் இதுதான் காரணம். IMEI 15 இலக்கம். இரண்டு சிம் போனில் இரண்டு இருக்கும், நாங்கள் முதலாவதை எடுக்கிறோம்.

எக்செலில் எழுதுகிறவர்கள் அந்த நிரலை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக மாற்றி வையுங்கோ. இல்லாவிட்டால் IMEI `3.56E+14` என்பதுபோல் தெரியும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட சீரியல் என்றால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், பிறகு மீட்க ஏலாது. முன்னுக்கு நிற்கிற பூச்சியமும் காணாமல் போகும். வந்த கிழமையே இது எனக்கு நடந்தது, அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஸ்கேன் பண்ணுகிற நேரமும் முக்கியம். சரக்கு வந்தவுடன் ஒருதரம், பிறகு பில் அடிக்கிற அதே நிமிடம் கையில் இருக்கிற பெட்டியை இன்னொருதரம். பின்னேரம் சேர்த்து எழுதலாம் என்று விட்டால், ஒரே மொடலில் இரண்டு பேருக்கு விற்ற அன்று நம்பர்கள் இடம் மாறிவிடும்.

9082ஐ ஜனவரி 19 இன்வாய்ஸோடு அனுப்பினோம். மொத்த வியாபாரி கேள்வி கேட்காமல் வேறொன்று தந்தார். அக்காவின் ஓடரின் கீழ் இப்போது மூன்றாவது நம்பர் இருக்கிறது. வாங்க வந்தபோது அவ பொடியனிடம், "முதல்ல நம்பரைப் பாரும் தம்பி, பிறகு தாரும்" என்றா. அவன் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.