இயல்பான அளவும் இதய நோயும்

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை நடுவண் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, நோயாளிகளின் உயிரை மீட்பதே பெரும் கவலையாக இருந்தது. அன்று மருந்து தொடங்கியவர்களில் பலர் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். கிருமி அடங்கியிருக்கிறது. ஆயினும், எச்.ஐ.வி. உள்ளவருக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மிகுதி. இந்நிலையில், பரிசோதனைத் தாளில் கொழுப்பு 'இயல்பு' என்று இருப்பதைக் கண்டதும் மருத்துவரும் நோயாளியும் நிம்மதி அடைவது பிழை.

அந்த அளவு எவ்வாறு உருவாகிறது என்பதை நோக்க வேண்டும். சிகிச்சை பெறாத நிலையில் கிருமி முதலில் நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல்.லைக் குறைக்கிறது, பின்னர் எல்.டி.எல்.லும் குறைகிறது, நோய் முற்றும்போது டிரைகிளிசரைடு உயர்கிறது. மருந்து தொடங்கி உடல் தேறும்போது எல்.டி.எல். மீண்டும் ஏறுகிறது, எச்.டி.எல். மட்டும் முழுமையாக மீள்வதில்லை. இவற்றின் மேல் மருந்துகளின் விளைவும் சேர்கிறது. எஃபாவிரென்சும் ரிட்டோனாவிரும் கொழுப்பை உயர்த்துகின்றன. இன்று பெரும்பாலோர் உட்கொள்ளும் மாத்திரையில் உள்ள டெனோஃபோவிர் டைசோபுராக்சில் அதைச் சற்றுத் தாழ்த்துகிறது. கிருமி அடங்கிய பின்னும் இரத்தக்குழாய்களில் எஞ்சி நிற்கும் அழற்சியோ எந்தக் கொழுப்புப் பரிசோதனையிலும் தென்படுவதில்லை.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரை எடுத்துக்காட்டாகக் கருதுவோம். வயது 48, புகைப்பழக்கம் இல்லை, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராக உள்ளன. மொத்தக் கொழுப்பு 186, எல்.டி.எல். 112, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 190. மொத்தக் கொழுப்பு 200-க்குக் கீழே இருப்பதால் கவலை இல்லை என்பர். பொதுமக்களுக்கென வகுத்த கணிப்பு முறையும், பத்தாண்டுகளில் இவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றே சொல்லும். அந்தக் கணிப்பில் எச்.ஐ.வி.க்கு இடமில்லை.

இத்தகையோரையே 'ரிப்ரீவ்' ஆய்வு ஆராய்ந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள 7,769 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களின் எல்.டி.எல். இடைநிலை அளவு 108 மட்டுமே. பாதிப் பேருக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் பிடவாஸ்டேட்டின் தரப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் அவர்களிடையே 35 விழுக்காடு குறைந்தன. பயன் தெளிவானதால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டு, முடிவு 2023-இல் வெளியாயிற்று. பயனுக்கு ஒரு விலையும் உண்டு: மருந்து பெற்றோரில் 5.3 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 4 விழுக்காட்டினருக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது. ஒரு நிகழ்வைத் தவிர்க்க, ஏறத்தாழ 106 பேர் ஐந்தாண்டுகள் மருந்துண்ண வேண்டும். நாம் கூறிய 48 வயதினரிடம் மருத்துவர் இவ்விரண்டையும் விளக்கி, அவரோடு கலந்து முடிவெடுப்பதே முறை. கணித்த வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டியவருக்கோ தயக்கத்துக்கு இடமில்லை.

ஸ்டேட்டினைத் தொடங்குவது போலவே, எந்த ஸ்டேட்டின் என்பதும் உயிர் சார்ந்த கேள்வி. இரண்டாம் நிலைச் சிகிச்சையில் உள்ள ரிட்டோனாவிர், சிம்வாஸ்டேட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடும். அதனால் இரத்தத்தில் சிம்வாஸ்டேட்டின் பன்மடங்கு பெருகித் தசைகளை அழிக்கும். தொடையிலும் தோளிலும் கடும் வலி, சோர்வு, தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவை அதன் அடையாளங்கள், சிறுநீரகமும் செயலிழக்கலாம். ஆகவே இவ்விரண்டையும் ஒருபோதும் சேர்த்துத் தரலாகாது. ரிட்டோனாவிர் உண்பவருக்கு அடோர்வாஸ்டேட்டினைக் குறைந்த அளவில், கண்காணிப்போடுதான் தர வேண்டும். பிடவாஸ்டேட்டின் இந்த நொதியைப் பெரிதும் சார்ந்திராததால் பாதுகாப்பானது. டோலுடெக்ராவிர் உண்பவருக்கு இச்சிக்கல் எழுவதில்லை.

ஒவ்வாத மருந்துகள் சேர்ந்து இத்தகைய தீங்கு நேரக் காரணம் பெரும்பாலும் மௌனமே. இழிவுக்கு அஞ்சி, வேறொரு மருத்துவரிடம் நோயாளி தம் மருந்துகளை மறைக்கிறார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அஞ்சாமல் சொல்லும் நிலையை உருவாக்குவது மருத்துவர்களின் கடமை.

நாற்பதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஏ.ஆர்.டி. மையத்திலேயே கொழுப்பையும் இதய நோய் வாய்ப்பையும் மதிப்பிட வேண்டும். கூட்டு மருந்து வழங்கும் அதே இடத்தில், அதனோடு ஒத்துப்போகும் ஸ்டேட்டினும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். எச்.ஐ.வி.யிலிருந்து காத்த ஓர் உயிரை, தடுக்கக்கூடிய மாரடைப்புக்குப் பலி கொடுப்பதை எந்த அரசும் ஏற்கலாகாது.