வந்து பார்க்கவும் காசா?

ஒரு நிமிட ரீல். முதலில் துருப்பிடித்த பிரேக்கர் பெட்டி, வாயைத் திறந்தபடி தொங்குகிற வயர்கள். பிறகு இரண்டு கைகள் வேகமாக வேலை செய்கின்றன. கடைசியில் வயரெல்லாம் நேர்கோடாக வளைந்து போகிற புதுப் பெட்டி, ஒவ்வொரு பிரேக்கருக்கும் மேலே 'சமையலறை', 'தண்ணி மோட்டர்' என்று ஒட்டிய பெயர். கீழே ஒரு வரி: 'வந்து பார்க்கும் கட்டணம் இவ்வளவு. வேலை, சாமான் வேறு.' ஆள் பலமில்லாமல், தனியாக பைக்கில் போய் வேலை செய்கிற எலக்ட்ரீஷியன்மார் போடுகிற இப்படியான ரீல்ஸ் உங்கட போனிலும் வந்திருக்கும்.

கமெண்டுகளில் பாதி, 'அண்ணா சூப்பர்'. மீதிப் பாதி, 'வந்து பாக்கிறதுக்கே காசா?' அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நாங்கள் பதில் சொல்லப்போகிறோம். எங்கட கருத்தில், அந்த ரீலில் இருக்கிற மிக நேர்மையான விசயம் நேராக வளைந்த வயர் அல்ல, அந்த ஒரு வரிதான்.

தலவிலயை வைத்தே பார்ப்போம். புத்தளத்தில் இருந்து வந்து, பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பி, நுரைச்சோலையையும் தாண்டிப் போனால் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கிற கடற்கரை. 900 மெகாவாட் அனல்மின் நிலையம் பக்கத்து ஊரில்தான். ஆனால் உங்கட வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், அதைப் பார்க்க ஒரு ஆள் பெற்றோல் அடித்து வரவேண்டும். வருகிறதும் போகிறதும் ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிடும். பழுதைத் தேட இன்னொரு மணித்தியாலம். அந்த நேரத்தில் அவர் வேறு வீட்டு வேலையை எடுக்க முடியாது.

இந்த இரண்டு மணித்தியாலத்துக்கான காசை யாரோ கொடுத்துத்தான் ஆகவேண்டும். 'வந்து பார்க்கிறது இலவசம்' என்று சொல்கிறவரும் அதை எடுக்கத்தான் செய்வார். எங்கே எடுப்பார் என்பதுதான் கேள்வி. அவருக்குக் காசு வரும் ஒரே வழி, ஏதாவது ஒரு சாமானை மாத்துவது. ஆகவே 'ஒன்றும் மாத்தத் தேவையில்லை, அந்த கேற்றிலை மட்டும் இனிப் பாவிக்காதீங்க' என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால், அவர் வெறுங்கையோடு போகிறார். 'ட்ரிப் சுவிட்ச் பழுது, புதுசு போடணும்' என்றால் சம்பளம். ஆள் நல்லவரோ கெட்டவரோ, இலவச வருகை அவரை அந்தப் பக்கம்தான் தள்ளும்.

இது வெறும் சந்தேகப் பேச்சு இல்லை என்று காட்ட, ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எங்கட கற்பனை வீடுதான், ஆனால் பழுது கடற்கரைப் பக்கம் சாதாரணமாக வரக்கூடியது. பெருநாள் காலத்தில் யாத்திரிகருக்கு வாடகைக்கு விடுகிற மூன்று அறை, வெளியே முற்றத்து லைட், ஒரு தண்ணி மோட்டர். கார்த்திகை மழைக்குப் பிறகு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்குகிறது. அதுவும் பின் அறையில் கேற்றில் போடும்போதுதான் விழுகிறது. வீட்டில் எல்லாரும் கேற்றிலில் குற்றம் சொல்கிறார்கள். புதுக் கேற்றில் வாங்கியாயிற்று. அப்பவும் விழுகிறது.

ட்ரிப் சுவிட்ச் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். லைவ் வயரில் போகிற கரண்டையும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் பொதுவாக இருக்கிறது 30 மில்லி அம்பியர் வகை. போனதுக்கும் வந்ததுக்கும் அந்த அளவு வித்தியாசம் வந்தால், எங்கேயோ கரண்ட் வேறு வழியில் நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழும். ஆகவே அது விழுகிறது என்றால் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பழுது வேறு இடத்தில்.

எந்த இடத்தில்? முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றவேண்டும். சொக்கெட்டில் சுவிட்சை ஓஃப் பண்ணினால் மட்டும் போதாது, பல சுவிட்சுகள் லைவை மட்டும்தான் வெட்டும். பிறகு சின்ன பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். எதைப் போடும்போது விழுகிறதோ, அந்தப் பக்கம் பழுது. இதுவரைக்கும் நீங்களே செய்யலாம். பெட்டியின் மூடியைக் கழற்றுகிற வேலைக்கு மட்டும் போகாதீங்க.

ஆனால் எங்கட வீட்டில் இந்த முறை ஏமாற்றும். எல்லாம் நின்றுகொள்கிறது. கேற்றில் போட்டால் மட்டும் விழுகிறது. காரணம், பழுது லைவில் இல்லை, நியூட்ரலில். முற்றத்து லைட்டுக்குள் மழைத்தண்ணியும் உப்பும் புகுந்து, துருவோடு சேர்ந்து நியூட்ரலை ஏர்த்தோடு தொட வைத்திருக்கிறது. சின்ன பிரேக்கர் லைவை மட்டும் வெட்டுவதால், லைட்டின் பிரேக்கரை இறக்கினாலும் அந்தத் தொடுப்பு அப்படியே இருக்கும். கேற்றில் மாதிரிக் கூடக் கரண்ட் இழுக்கிற சாமானைப் போட்டதும், திரும்பி வருகிற கரண்டில் ஒரு சின்னப் பங்கு அந்தத் தொடுப்பு வழியாக நிலத்துக்கு நழுவும். கணக்கு ஒத்துவராது, சுவிட்ச் விழும். குற்றவாளி முற்றத்தில், பழி பின் அறையில்.

இதைப் பிடிக்க மெயினை இறக்கி, ஒவ்வொரு சேர்கிட்டின் நியூட்ரல் வயரையும் தனித்தனியாகக் கழற்றி, மெகர் மீட்டரால் அதுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளக்கவேண்டும். நல்ல வயரிங்கில் 1 மெகா ஓமுக்கு மேலே காட்டும். பழுதான சேர்கிட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டாது. இதில் போனது ஒரு மணித்தியால மூளை வேலை. போட்ட சாமான், தண்ணி புகாத ஒரு புது லைட் மட்டும்தான். வந்து பார்க்கும் கட்டணம் இல்லாத ஆளுக்கு இந்த வேலையில் என்ன மிஞ்சும்? புது ட்ரிப் சுவிட்ச் போட்டு, அது அடுத்த கிழமையும் விழுந்து, இன்னொரு தரம் வருவதுதான் அவருக்கு லாபம்.

அதனால் அந்தக் கட்டணத்தை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த வரி முழுசாக இருக்கவேண்டும். உதாரணத்துக்கு 2000 ரூபா என்று போட்டால், எந்த ஊர் வரைக்கும் அந்தக் காசு, அதுக்குள் எவ்வளவு நேரம் தேடுவார், வேலையைக் கொடுத்தால் அந்தக் காசு கழியுமா, சாமான் வாங்கினால் கடை பில்லைக் காட்டுவாரா என்ற நாலையும் சொல்லவேண்டும். தலவிலயில் இன்னொன்றும் சேரும். மார்ச் மாதமும் ஆகஸ்ட் மாதமும் பெருநாள். யாத்திரிகர் கூட்டம் வரும்போது எல்லா அறைக்கும் ஒரே கிழமையில் எலக்ட்ரீஷியன் தேவை. அந்த நாட்களில் கூட எடுப்பது தப்பில்லை. ஆள் வாசலில் நிற்கும்போது சொல்வதுதான் தப்பு. ரீலிலேயே எழுதிவிட்டால் யாருக்கும் சண்டை இல்லை.

முழு வேலைக்கும் ஒரே விலை போடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விலை சொல்கிற ஆள், ஒன்றில் கூட்டிச் சொல்லுவார், இல்லாவிட்டால் பாதியில் வேலையைக் குறைப்பார். வந்து பார்க்க ஒரு நிலையான தொகை, பார்த்த பிறகு வேலைக்கு ஒரு விலை, அதை ஏற்கவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை. இந்த ஒழுங்கு போதும்.

சரி, அந்த அழகான பெட்டி? அதில்தான் எங்களுக்குக் கொஞ்சம் முரண்பாடு. நேராக ஓடுகிற வயர் நல்ல அடையாளம்தான். அடுத்து வருகிறவருக்கு எது எங்கே போகிறது என்று விளங்கும். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், புது வேலையில் மண்ணிறமும் நீலமும் கலந்து கிடக்கும்போது, ஒட்டிய பெயர் உயிரைக் காப்பாற்றவும் கூடும். ஆனால் துப்பரவு கமெராவுக்குத் தெரியும், பாதுகாப்பு தெரியாது.

பல ரீல்ஸ்களில் கடைசியில் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கிக் காட்டுவார்கள். 'டக்' என்று விழும். அது சுவிட்சின் உள்பொறி வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஏர்த் வயர் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்று சொல்லாது. ஏர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் அதே மாதிரி விழும். ஏர்த் இல்லாவிட்டால், பழுதான மோட்டரின் உடம்பில் கரண்ட் நிற்கும். அதை நிலத்துக்குக் கொண்டுபோகிற முதல் வழி, தொடுகிற ஆளாகத்தான் இருக்கும். சுவிட்ச் அப்போதுதான் விழும், அந்த ஆளுக்கு அடித்த பிறகு.

கற்பிட்டிப் பக்கம் இது இன்னும் முக்கியம். மண் முழுக்க மணல். காய்ந்த மணல் கரண்டை லேசில் விடாது. உப்புக் காத்து ஏர்த் கம்பியின் கிளிப்பை அரித்துவிடும். மழைக்குப் பிறகு அளந்தால் நல்லதாகத் தெரிகிற ஏர்த், ஆகஸ்ட் வெயிலில் வேறு கணக்குக் காட்டும். பெருநாளுக்குச் சனம் நிறையும்போதுதான் நிலம் மிகக் காய்ந்திருக்கிறது.

ஆகவே ரீல் போடுகிற அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியைச் சுற்றி கமெராவைக் கொண்டுபோகிற அந்தப் பத்து செக்கனில் மூன்றை ஏர்த் மீட்டருக்குக் கொடுங்க. முள்ளோ எண்ணோ தெரியட்டும். NVQ சான்றிதழ் இருந்தால் அதையும் காட்டுங்க. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகினவர்களுக்கும், இருக்கிற அனுபவத்தைச் சோதித்து அந்தச் சான்றிதழ் கொடுக்கிற முறை நைட்டாவில் இருக்கிறது.

பார்க்கிற எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு ரீலின் கீழே 'வந்து பாக்கிறதுக்கே காசா?' என்று எழுதப் போகும்போது, அதுக்குப் பதிலாக 'அண்ணா, ஏர்த் எவ்வளவு காட்டிச்சு?' என்று கேட்டுப் பாருங்க. பதில் எண்ணோடு வந்தால் அந்த நம்பரைச் சேமித்து வையுங்க. வந்து பார்த்த காசையும் மனக்குறை இல்லாமல் கொடுங்க.