ஐந்து ஜீரோ… ஆயிரத்து இருநூத்து எண்பது!

ரெண்டாங்கிளாஸ் பையனை எழுப்பி, 'ஐந்து இன்ட்டு ஜீரோ எவ்வளவுடா?'ன்னு கேளுங்க. தூக்கக் கலக்கத்துலயே 'ஜீரோ'ன்னுட்டு திரும்பிப் படுத்துப்பான். எங்க லேப்ல இருக்கற 8085 கிட் மட்டும் போன வாரம் எனக்கு 1280ன்னு காட்டுச்சு. அதுவும் மாடல் பிராக்டிகல்ல!

கள்ளிக்குப்பத்துல இருந்து அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ஷேர் ஆட்டோவுல புரோகிராமை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டே போனேன். 'ரெண்டு எட்டு பிட் எண்களைப் பெருக்கு'. லேப்ல இதைவிட ஈஸியான கேள்வியே கிடையாதுன்னு தெம்பா இருந்தேன். 05, 03 கொடுத்தேன்... 0F வந்துச்சு, அதாவது 15. சார் சிரிச்சுக்கிட்டே, 'இப்போ 03-ஐ 00 ஆக்கு'ன்னார். அங்கதான் கவுந்தேன்.

விஷயம் இதுதான். 1976-ல வந்த 8085-ல சுமார் 6,500 டிரான்சிஸ்டர்தான். கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பிட்டைச் சுழற்றத் தெரியும். பெருக்கத் தெரியாது. 1978-ல வந்த 8086-லதான் MUL இருக்கு. அதுல சுமார் 29,000 டிரான்சிஸ்டர். அதனால 8085-ல பெருக்கல்ங்கறது நாமளே கூட்டி வரவழைக்க வேண்டிய வித்தை. நம்ம எல்லோர் ரெக்கார்டு நோட்டுலயும் இருக்கற வழி, திரும்பத் திரும்பக் கூட்டறது. B-யில ஒரு எண், C-யில எத்தனை தடவைன்னு இன்னொண்ணு:

```
      MVI  A,00H
      MVI  D,00H
LOOP: ADD  B
      JNC  SKIP
      INR  D
SKIP: DCR  C
      JNZ  LOOP
```

A நிறைஞ்சு வழிஞ்சா கேரி வரும், அதை D-யில எண்ணிக்கிறோம். கடைசியில D மேல் பைட், A கீழ் பைட். அழகா இருக்குல்ல?

இப்போ C-யில 00 வெச்சுப் பாருங்க. புரோகிராம் முதல்ல ஒரு தடவை கூட்டிடுது. அப்புறம்தான் C-யைக் குறைக்குது. 00-ல ஒண்ணு போனா மைனஸ் ஒண்ணு கிடையாது பாஸ், FF! அது ஜீரோ இல்லையே... திரும்ப லூப்புக்குள்ள போகுது. ஆக மொத்தம் 256 தடவை கூட்டிட்டுத்தான் வெளிய வருது. 5 இன்ட்டு 256, 1280. ஹெக்ஸ்ல 0500. அதாவது நீங்க B-யில கொடுத்த எண் அப்படியே மேல் பைட்டுல போய் உட்கார்ந்திருக்கும், கீழ் பைட் 00. இந்த அடையாளத்தைப் பார்த்தா, தப்பு ஜீரோவுலதான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

மருந்து ரொம்பச் சின்னது. லூப்புக்கு முன்னாடியே C ஜீரோவான்னு கேட்டுடணும். ஆனா அதுலயும் ஒரு குழி இருக்கு. `MOV A,C` போட்டுட்டு உடனே `JZ` போட்டா வேலைக்காகாது. 8085-ல MOV, LDA எதுவுமே ஃப்ளாகைத் தொடாது. நடுவுல `ORA A` ஒண்ணு போட்டாத்தான் ஜீரோ ஃப்ளாக் எழுந்திருக்கும்.

'சரி, அதையும் போட்டுட்டேன் சார்'னேன். 'FF இன்ட்டு FF-க்கு எத்தனை தடவை சுத்தும்?'னார் அடுத்து. 255 தடவை! ஒரு சுற்றுக்கு 28, கேரி வந்தா 29 கிளாக். மொத்தம் 7,391. நம்ம கிட்டுல 6.144 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல், சிப் அதை ரெண்டா வகுத்து 3.072-ல ஓடுது. அப்போ ஒரே ஒரு பெருக்கலுக்கு 2.4 மில்லி செகண்ட். நமக்கு அது கண் சிமிட்டற நேரம்கூட இல்லை. ஆனா ஒரு மோட்டாரை கன்ட்ரோல் பண்ற புரோகிராம்ல, செகண்டுக்கு ஆயிரம் தடவை பெருக்கணும்னா? முடியவே முடியாது.

இதுக்கு வழி நாம ஸ்கூல்லயே படிச்சதுதான். 23-ஐ 13-ஆல பெருக்கறப்போ 13 தடவையா கூட்டறோம்? இலக்கம் இலக்கமாப் பெருக்கி, தள்ளி எழுதிக் கூட்டறோம். பைனரியில இது இன்னும் சுலபம். இலக்கம் ஜீரோ இல்லைன்னா ஒண்ணு, வாய்ப்பாடே வேண்டாம். 13-ங்கறது 00001101. இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு பிட்டா எடுங்க. ஒவ்வொரு தடவையும் விடையை இரட்டிப்பாக்குங்க. பிட் ஒண்ணா இருந்தா மட்டும் 23-ஐக் கூட்டுங்க.

முதல் நாலு பிட்டும் ஜீரோ, விடையும் ஜீரோவாவே நிக்கும். அஞ்சாவது பிட் ஒண்ணு: 23. அடுத்ததும் ஒண்ணு: 46-ஆகி, 23 கூடி 69. அடுத்தது ஜீரோ: வெறும் 138. கடைசி ஒண்ணு: 276-ஆகி, 23 கூடி 299. முடிஞ்சது! இதையே 8085-கிட்ட சொன்னா இப்படி:

```
      LDA  4200H
      MOV  E,A
      MVI  D,00H
      LDA  4201H
      LXI  H,0000H
      MVI  B,08H
NEXT: DAD  H
      RLC
      JNC  SKIP
      DAD  D
SKIP: DCR  B
      JNZ  NEXT
      SHLD 4202H
      HLT
```

`DAD H` அப்படின்னா HL-ஐ அதோடயே கூட்டறது, அதாவது இரட்டிப்பு. `RLC` மேல் பிட்டை கேரியில தள்ளுது. எந்த எண் கொடுத்தாலும் எட்டே சுற்றுதான். FF இன்ட்டு FF-க்கு 357 கிளாக், கிட்டத்தட்ட 116 மைக்ரோ செகண்ட். பழசைவிட இருபது மடங்கு வேகம்! ஜீரோ கொடுத்தாலும் கூட்டற இடத்துக்கே போகாது, தனியா செக் பண்ணவும் வேண்டாம்.

டைப் பண்றப்போ மூணு இடத்துல உஷார். ஒண்ணு, கிட்டுக்குத் தெரிஞ்சது ஹெக்ஸ் மட்டும்தான். 23-னு அடிச்சா அது 35-னு எடுத்துக்கும். 17, 0D-ன்னு கொடுக்கணும். ரெண்டு, விடை 4202-ல 2B, 4203-ல 01-ன்னு தலைகீழா இருக்கும். கீழ் பைட்தான் முதல்ல. 012B-ன்னு சேர்த்துப் படிச்சாத்தான் 299. மூணு, `MVI D,00H`-ஐ மறந்துடாதீங்க. D-யில பழைய குப்பை ஏதாவது இருந்தா அதுவும் சேர்ந்து பெருகிடும். கீழ் பைட் கரெக்டா இருந்து மேல் பைட் மட்டும் உளறினா, முதல்ல D-யைச் சந்தேகப்படுங்க.

அதுக்காக பழைய வழியைப் பரண்ல தூக்கிப் போட்டுடாதீங்க. மூணால பெருக்கணும்னா பழைய லூப்புக்கு 80 கிளாக் சொச்சம்தான், புதுசுக்கு 315. சுமார் பதினொண்ணு வரைக்கும் பழசுதான் ஜெயிக்குது!

மாடல்ல எனக்குப் போன மார்க் போனதுதான். ஃபைனல்ல என்ன கேட்டாலும், முதல் வேலையா 00 போட்டுப் பார்த்துட்டுத்தான் சாரைக் கூப்பிடப் போறேன். உங்க ரெக்கார்டு நோட்டையும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க... அதுல `JZ` இருக்கா?